மிளகுக்கொடி மேல் விழுந்த பழி

ஹோட்டல் சமையல் மாஸ்டர் வேனை விட்டு இறங்கியபோதே அவர் முகம் சரியில்லை. கையில் இருந்த பிளாஸ்டிக் பெட்டியை வராந்தாவில் வைத்தார். உள்ளே எல்லாம் பச்சைக் குடைமிளகாய். முந்தின நாள் காலையில் என் சகலை கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்த அதே காய்கள்.

நான் அங்கே இருந்தது தற்செயல். மனைவியின் அக்காவும் சகலையும் நாங்களும் ஒரே மதிலுக்கு இரண்டு பக்கம் குடியிருக்கிறோம். எனக்கு அன்று விடுமுறை. அக்கா வீட்டுக் காபி நன்றாக இருக்கும் என்பதால் விடுமுறையில் என் கால் தானாக அந்தப் பக்கம் போகும்.

"அம்மா, உங்க குடைமிளகாய் காரமா இருக்கு," என்றார் மாஸ்டர்.

அக்கா சிரித்தாள். "மாஸ்டர், குடைமிளகாய் எங்கேயாவது காரமா இருக்குமா? உங்க ஆளுங்க பச்சை மிளகாய் நறுக்கின கத்தியாலயே இதையும் நறுக்கியிருப்பாங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சு ரெண்டு பேரைத் திட்டிட்டேன். அப்புறம் கத்தியைக் கழுவி நானே நறுக்கிப் பார்த்தேன். எல்லாக் காயும் இல்ல. பத்துல ஒண்ணு. ஆனா அந்த ஒண்ணு, பச்சையா சாலட்ல போட்டது, ஒரு குழந்தை வாய்க்குப் போயிடுச்சு. அந்தக் குழந்தையோட அப்பா கிட்ட நான் வாங்கினது இருக்கே..."

அக்கா பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். ஒன்றுமில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. "பாருங்க" என்பதுபோல் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் பெட்டியைக் கிளறி ஒரு காயைப் பொறுக்கி, பிளந்து, உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையை நகத்தால் கிள்ளிக் கொடுத்தார். அக்கா வாயில் போட்டாள். கொஞ்ச நேரம் எதுவும் ஆகவில்லை. பிறகு அவள் கண் நிறைந்தது.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் வலைக்குடில் போட்டுக் குடைமிளகாய் பயிரிடுகிறவள். கடையில் விதை வாங்கியதே இல்லை. நன்றாக விளைந்த செடியில் நன்றாக விளைந்த காயைச் செடியிலேயே சிவக்கவிட்டு, அதன் விதையை நிழலில் உலர்த்தி, அடுத்த வருஷத்துக்கு வைப்பாள். "என் விதை" என்று அவள் சொல்லும்போது பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல இருக்கும். சகலைகூட அந்த விதையைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேசமாட்டார். பேசினால் அன்றைக்கு அவர் சமையல்.

அப்படிப்பட்டவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு நாள் கழிச்சு வாங்க மாஸ்டர். காரணத்தைக் கண்டுபிடிச்சு வைக்கிறேன். இல்லைன்னா நீங்க வேற இடம் பார்த்துக்கலாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்," என்றாள். மாஸ்டர் போய்விட்டார்.

அவர் வேன் தெரு திரும்புவதற்குள் அக்கா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். வலைக்குடிலின் ஓரமாக வரிசையாக நிற்கும் மரங்களைப் பார்த்தாள். அந்த மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. மரம் அக்காவுடைய நிலத்தில் நிற்பது. கொடி என் மனைவியுடையது. வெட்டிய தண்டை அவளே வேர்பிடிக்க வைத்து, நட்டு, கட்டி ஏற்றி, மூன்று வருஷம் காத்திருந்தாள். இந்த வருஷம்தான் சரம் சரமாகக் காய்த்திருக்கிறது.

"மிளகு பூத்திருக்கு. அந்த மகரந்தம் காத்துல வந்து என் செடியில விழுந்திருக்கு. வேறென்ன?" என்றாள் அக்கா.

சகலை, "மிளகுக்கும் குடைமிளகாய்க்கும் ஆகுமாடி?" என்றார்.

"பேர்லயே இருக்கே. மிளகு, மிளகாய், குடைமிளகாய். ஒரே குடும்பம். ஆகாம?"

மரம் வெட்டுகிறவருக்கு அக்கா அங்கேயே போன் போட்டாள். நாளைக் காலையில் வரச் சொன்னாள். மரத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாது, கொடியை மட்டும் அடியோடு அறுத்து இழுத்துவிட வேண்டும் என்றாள். பிறகு என்னிடம், "மாப்பிள்ளை, சின்னவ வேலைவிட்டு வந்ததும் நீங்களே சொல்லிடுங்க," என்றாள். வீட்டில் கசப்பு மருந்து கொடுக்கிற வேலை எப்போதும் எனக்குத்தான் வரும்.

என் மனைவி வேலை பார்ப்பது மசாலாத் தூள் தயாரிக்கும் கம்பெனியில். அங்கே சுவை பார்க்கும் அறை என்று ஒன்று உண்டு. வெள்ளைச் சுவர், ஆளுக்கொரு தடுப்பு, ஆளுக்கொரு சின்ன வாஷ்பேசின். வந்து இறங்கும் மிளகு, மிளகாய் மூட்டைகளில் மாதிரி எடுத்துச் சுவைத்துக் காரத்துக்கு எண் போடுகிறவர்களில் அவள் தலைமை. அவள் வேண்டாமென்றால் லாரி திரும்பிப் போகும். கம்பெனியில் அவளை "நாக்கு" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் அவளுக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் பெருமைதான்.

சாயங்காலம் அவள் வந்ததும் சொன்னேன். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்படியே மதில் கதவைத் திறந்துகொண்டு அக்கா வீட்டுச் சமையலறைக்குள் போனாள். நான் பின்னால் போனேன்.

"அக்கா, என் கொடியை அறுக்கப் போறியாமே."

"உன் கொடி என் பிழைப்பை அறுக்குதே, அதுக்கு?"

"மிளகும் மிளகாயும் ஒரே குடும்பம்னு உனக்கு யார் சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? பேர்லயே இருக்குல்ல."

"இனிஷியல் ஒண்ணா இருந்தா சொந்தக்காரங்க ஆயிடுவாங்களா? அப்படிப் பார்த்தா என் மேனேஜரும் நம்ம அப்பாவும் அண்ணன் தம்பி."

மேஜையருகில் உட்கார்ந்திருந்த சகலை சிரித்துவிட்டார். அக்கா திரும்பிப் பார்த்ததும் தண்ணீர் குடித்தார்.

என் மனைவி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். "உன் குடைமிளகாய்ப் பூவைப் பாரு. வெள்ளையா, நட்சத்திரம் மாதிரி இதழ். கத்தரிப்பூவும் தக்காளிப்பூவும் நிறம் வேறயா இருந்தாலும் அதே அச்சு. உருளைக்கிழங்கும் அந்த வீடுதான். மிளகாயும் குடைமிளகாயும் அந்த வீட்டுல ஒரே வயித்துப் பிள்ளைங்க. இப்ப என் கொடியைப் பாரு. பூன்னு சொல்ல இதழே கிடையாது, ஒரு திரி மாதிரி தொங்கும், அதுல பொடிப்பொடியா ஒட்டியிருக்கும். இலையைப் பாரு. எது மாதிரி இருக்கு?"

அக்கா பார்க்காமலே, "வெத்தலை மாதிரி," என்றாள்.

"வெத்தலைதான் அதுக்குச் சொந்தம். திப்பிலியும் சொந்தம். உன் காய்க்கும் அதுக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது. என் கொடியோட மகரந்தத்தைக் குடம் குடமாக் கொண்டுவந்து கொட்டினாலும் உன் பூவுல ஒரு விதை பிடிக்காது."

"அப்ப ஏன் ஒரே பேரு வச்சாங்க?"

"காரம்னா நம்ம ஆளுங்களுக்கு முதல்ல மிளகுதான் தெரியும். மிளகாய் அப்புறம் கடல் தாண்டி வந்தது. வந்தது காயா இருக்கு, மிளகு மாதிரி சுரீர்ங்குது. மிளகு மாதிரிக் காய், மிளகாய். பழகின பேரை எடுத்துப் புதுசுக்கு வச்சுட்டாங்க. பேரு வச்சவங்க செடியைப் பார்க்கல, நாக்கைத்தான் பார்த்தாங்க."

அக்கா அசையவில்லை. "நல்லாத்தான் பேசுற. ஆனா உன் கொடிக்கு நீயே வக்கீல், நீயே சாட்சி. என் காயில காரம் இருக்கு. அது உன் மிளகோட காரம் இல்லைன்னு நான் எப்படி நம்பறது?"

"காரத்தை வச்சே சொல்லலாம். மிளகோட காரம் வேற சரக்கு, மிளகாயோட காரம் வேற சரக்கு."

"காரம்னா காரம்தானே."

"வாய்க்குள்ள சூட்டை உணர்ற இடம் ஒண்ணுதான். ரெண்டும் அந்த ஒரே கதவைத்தான் தட்டும். அதனாலதான் ரெண்டும் சுடற மாதிரி இருக்கு. ஆனா தட்டுறது ஒரே ஆள் இல்ல. மிளகு தட்டிட்டுப் போயிடும். மிளகாய் உள்ள வந்து உட்கார்ந்துக்கும், அதோட பலமும் பல மடங்கு."

"சரி, யார் தட்டுறான்னு நீ சொல்லுவ. நான் உன் கம்பெனி லாரி இல்ல, நீ சொன்னதும் திரும்பிப் போக."

என் மனைவி முகம் சிவந்தது. பிறகு, "சரி, நான் நாக்கே நீட்டல. நீ சுவைச்சு நீயே சொல்லு. நான் கிட்டயே வரல. இவர் கலக்கட்டும்," என்று என்னைக் காட்டினாள்.

அப்படித்தான் நான் இந்த வழக்கில் நீதிமன்றச் சிப்பந்தி ஆனேன்.

அவள் கம்பெனியில் செய்கிற முறையைச் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மிளகை நைசாகப் பொடித்து வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் ஒரு கிண்ணம். காய்ந்த மிளகாய் அதேபோல் ஒரு கிண்ணம். மாஸ்டர் கொண்டுவந்த பெட்டியில் உறைக்கிற காயைத் தேடி, அதன் வெள்ளைத் தசையை மட்டும் நசுக்கி மூன்றாவது கிண்ணம். எல்லாவற்றையும் துணியில் வடிகட்டினேன். கிண்ணத்தின் அடியில் பென்சிலால் குறி போட்டேன். அக்கா கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். மூக்கையும் பிடித்துக்கொள்ள வேண்டும். வாசனை காட்டிக் கொடுத்துவிடும், நமக்கு வேண்டியது காரம் மட்டும் என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

அக்கா முதல் கரண்டியை விழுங்கினாள். முகம் கோணியது. இரண்டாவது. "ம்." மூன்றாவது. கண்கட்டை அவிழ்த்து, "ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணுதான். முதல்ல குடிச்சது வேற," என்றாள்.

நான் கிண்ணங்களைத் திருப்பிப் பார்த்தேன். முதலாவது மிளகாய். இரண்டாவது மிளகு. மூன்றாவது குடைமிளகாய்.

அக்கா கணக்குப்படி குடைமிளகாயின் காரமும் மிளகின் காரமும் ஒன்று. கொடி போயிற்று.

கூடத்துக்குப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சகலை போய்ச் சொன்னார். என் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். தோற்றுப்போன முகம் இல்லை. என்னைத்தான் முறைத்தாள்.

"ஏங்க, முதல்ல எதைக் கொடுத்தீங்க?"

"மிளகாய்."

"நடுவுல எவ்வளவு நேரம் விட்டீங்க? வாய்க்கு என்ன கொடுத்தீங்க?"

ஒன்றும் கொடுக்கவில்லை. நேரமும் விடவில்லை.

"மிளகாயை முதல்ல கொடுத்தா நாக்கு எரிஞ்சுபோய் அப்புறம் மரத்துப் போகும். அதுக்கப்புறம் தேனைக் கொடுத்தாலும் அடுத்ததும் அதுக்கடுத்ததும் ஒரே மாதிரிதான் இருக்கும். எங்க அறையில சேர்ந்த புதுசுல எல்லாரும் பண்ற தப்பு இது. நான் சொல்லாம விட்டது என் தப்பு." பிறகு அக்காவிடம், "இன்னொரு தடவை பாரு. முடியாதுன்னா இதோட விட்டுடறேன், அறுத்துக்கோ," என்றாள்.

அக்கா உடனே ஒப்புக்கொண்டது எனக்கு ஆச்சரியம். ஆனால் யோசித்துப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. "சேர்ந்த புதுசுல எல்லாரும் பண்ற தப்பு" என்ற சொல் அவளைச் சுட்டிருக்க வேண்டும்; தப்பு என்னுடையதானாலும் ஏமாந்தது அவள் நாக்கு. அவள் எதிலும் கற்றுக்குட்டியாக இருந்து பழகாதவள்.

இந்த முறை பால் குடித்து, வெறும் ரொட்டித் துண்டு மென்று, வாய் எரிச்சல் முழுக்க அடங்கும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பாலைக் குடித்ததும் எரிச்சல் இறங்கியதைக் கண்டு அக்கா தம்ளரை உற்றுப் பார்த்தாள். "தண்ணிக்கு அசையாது. பால்தான் அதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும்," என்றாள் என் மனைவி, எட்ட நின்றே.

முதலில் மிளகைக் கொடுத்தேன். காத்திருந்தோம். பால், ரொட்டி. பிறகு குடைமிளகாய். மறுபடி காத்திருந்தோம். கடைசியில் மிளகாய்.

அக்கா வெகுநேரம் கண்கட்டை அவிழ்க்கவில்லை. மூக்கிலிருந்து விரலை மட்டும் எடுத்தாள்.

"முதல்ல கொடுத்தது," என்றாள் மெதுவாக, "வாயில பட்டதும் குத்துச்சு. சீக்கிரமே போயிடுச்சு. ரெண்டாவது, ஒண்ணுமே இல்லையேன்னு நினைச்சேன். அப்புறம் மெல்ல வந்து உதடு, தொண்டை எல்லாம் பரவி, போகவே மாட்டேங்குது. மூணாவது அதேதான். அதே ஆள். குரல் மட்டும் பெரிசு."

சகலை கிண்ணங்களைத் திருப்பிப் பார்த்து, நீதிபதி மாதிரித் தலையாட்டினார்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜெயித்த மாதிரி நிற்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இவ்வளவு துல்லியமா எங்க ஆளுங்களே எல்லாரும் சொல்ல மாட்டாங்க," என்றாள். அது ஆறுதலுக்குச் சொன்னதில்லை. தொழில்காரி தொழில்காரியைப் பார்த்துச் சொன்னது.

அக்கா கண்கட்டை அவிழ்த்து மடித்து வைத்தாள். "சரி. உன் மிளகு இல்ல. மிளகாய்தான். ஆனா பக்கத்துல யாரும் மிளகாய் போடலையே. மகரந்தம் எங்கேயிருந்து வந்திருக்கும்?"

"இந்த வருஷம் வந்திருந்தா உன் காய் உறைக்காது. காயோட சதை தாய்ச்செடியோடது. வெளி மகரந்தம் விழுந்தா அது விதைக்குள்ளதான் போய் உட்காரும். அந்த விதையைப் போட்டு, அது செடியாகி, அது காய்ச்சாத்தான் தெரியும்."

அக்கா அவளையே பார்த்தாள். "அப்ப..."

"போன வருஷம்," என்று மட்டும் சொன்னாள் என் மனைவி. "உன் விதை" என்ற சொல்லை அவள் வாயால் சொல்ல விரும்பவில்லை என்று எனக்குப் புரிந்தது.

இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்கா எழுந்து வலைக்குடிலுக்கு நடந்தாள். நாங்கள் தொடர்ந்தோம். உள்ளே மண் ஈரமாக இருந்தது. செடிகள் கயிற்றில் நிமிர்ந்து நின்றன. அக்கா காய்களைத் தொட்டுக்கொண்டே போனாள். நாலு புடைப்போடு, அடி தட்டையாக, கையில் கனமாக இருந்தன எல்லாம். ஒரு செடியருகில் நின்றாள். அதில் காய்கள் கொஞ்சம் சிறியவை. அடியில் தட்டையாக இல்லாமல் கூராக நீண்டிருந்தன. ஒன்றைப் பறித்தாள்.

"இதை உரம் பத்தலன்னு நினைச்சேன். ரெண்டு தடவை கூடுதலா உரம் வேற போட்டேன்." காயின் கூர்முனையை விரலால் தடவினாள். "இந்த மூக்கு யாரோட மூக்குன்னு எனக்குத் தெரியும்."

அவளே சொன்னாள். "போன வருஷம் வாசல்கிட்ட உள்பக்கமா தொட்டியில நாலு மிளகாய்ச் செடி வச்சிருந்தேன். சமையலுக்குக் கிள்ளிக்கலாம்னு. வலைக்குள்ள பூச்சி வராதுன்னு நினைச்சேன்."

சகலை தொண்டையைச் செருமினார். "பெட்டி ஏத்தறப்ப நான் கதவைக் கட்டித் திறந்தே வச்சிருப்பேன்டி. தேனீ வந்து போயிருக்கும்."

"இப்ப சொல்றீங்களே, ரொம்ப நல்லது."

"நீ இப்பத்தானே கேட்ட."

என் மனைவி கூர்மூக்குக் காயைப் பிளந்தாள். "குடைமிளகாயும் மிளகாய்தான். உறைப்பைச் செய்யற வேலையை மறந்துபோன மிளகாய். அந்த மறதி அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் வந்தாத்தான் பிள்ளை சாதுவா இருக்கும். ஒருத்தருக்கு ஞாபகம் இருந்தாலும் போதும், பிள்ளை உறைக்கும்."

"நம்ம வீடு மாதிரி," என்றார் சகலை. இந்த முறை அக்காவும் சிரித்தாள்.

செடி செடியாகப் பார்த்தோம். சந்தேகம் வந்த செடியில் ஒரு காயைப் பிளந்து வெள்ளைத் தசையைச் சுவைத்தோம். சுவைத்தது அக்காளும் தங்கையும் மாறி மாறி, நடுவில் பால். மூக்கு நீண்டதெல்லாம் உறைத்தது. தட்டைக் காய் ஒன்றுகூட உறைக்கவில்லை. உறைத்த செடி ஒவ்வொன்றையும் அக்கா தன் கையாலேயே வேரோடு பிடுங்கினாள். நான் பிடுங்கப் போனபோது, "விடுங்க மாப்பிள்ளை. என் விதை. நானே பிடுங்கறேன்," என்றாள். அவள் குரல் தழுதழுக்கவில்லை. தலையும் குனியவில்லை. எல்லாம் முடிந்ததும், "இனிமே விதைக்கு விடற பூவுக்கு மெல்லிசுத் துணிப் பை கட்டிடுவேன். கடை விதை வாங்க மாட்டேன்," என்றாள். மாஸ்டருக்கும் அப்போதே போன் போட்டு, தப்பு என் விதையில்தான், கண்டுபிடித்துப் பிடுங்கிவிட்டேன், நாளைக்கு அனுப்புகிற காயைப் பச்சையாகவே எந்தக் குழந்தைக்கும் கொடுக்கலாம் என்று சொன்னாள். மறுமுனையில் மாஸ்டர் என்ன சொன்னாரோ, "அது சரி, என் பேர்ல போன காய் இல்லையா," என்று பதில் சொல்லி வைத்தாள்.

இத்தனை அமளியில் மரம் வெட்டுகிறவரை எல்லோரும் மறந்துவிட்டோம்.

காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ரம்பத்தின் சத்தம் கேட்டது. என் மனைவி மதில் கதவை நோக்கி ஓடினாள். நானும் ஓடினேன். மரம் வெட்டுகிறவர் கயிறும் ரம்பமுமாக முதல் மரத்தடியில் நின்றிருந்தார். காய்ந்த கிளை ஒன்றை மட்டும் வழிக்காக அறுத்துத் தள்ளியிருந்தார். அவருக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து அக்கா நின்றிருந்தாள்.

"கொடியைத் தொடாதீங்க. வேலையில்லைன்னாலும் வந்ததுக்குக் காபி குடிச்சிட்டுப் போங்க," என்றாள்.

"நேத்து நீங்கதானேம்மா சொன்னீங்க, மிளகாலதான் குடைமிளகாய் கெட்டுப்போச்சுன்னு."

"யார் சொன்னா? மிளகு வேற குடும்பம், மிளகாய் வேற குடும்பம். இது வெத்தலைக்குச் சொந்தம், அது கத்தரிக்காய்க்குச் சொந்தம். இலையைப் பார்த்தாத் தெரியலையா? காரம்கூட வேற வேற. இது குத்திட்டுப் போயிடும். அது உட்கார்ந்துக்கும்."

அவர் அண்ணாந்து கொடியைப் பார்த்தார். "பேரு ஒண்ணா இருக்கே?"

"பேர்ல என்ன இருக்கு," என்றாள் அக்கா, பிறந்ததிலிருந்தே தெரிந்த விஷயம் மாதிரி. "இதைக் கொண்டுவந்து நட்டது என் தங்கச்சி. மசாலா கம்பெனியில அவ நாக்கு வச்சாத்தான் லாரி உள்ளேயே வரும், தெரியுமா? சொந்தக் கையால நட்டிருக்கா. நல்லாப் பாருங்க, ஒவ்வொரு சரத்துலயும் மணி எப்படிக் கட்டியிருக்குன்னு. இந்தப் பக்கம் எங்கேயாவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?"

என் மனைவி மதில் கதவருகிலேயே நின்றுவிட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தி, பேசாமலிருக்கும்படி தலையாட்டினாள். அக்கா இன்னும் முடிக்கவில்லை.